இரவு கடை அடைக்கும்போது கல்லா ஒரு நாளும் சரியாக வருவதில்லை: எந்த வரிசையில் சரிபார்க்க வேண்டும்?

விகேபுரம் பலசரக்கு (திங்கள், இரவு 10.50)

அனைவருக்கும் வணக்கம். விக்கிரமசிங்கபுரத்தில் அப்பா நடத்திவந்த பலசரக்குக் கடையை, அவருக்கு உடல்நலம் குன்றியதால், நான்கு மாதங்களாக நான் பார்த்துவருகிறேன். கடையில் நானும் ஒரு பையனும் மட்டுமே இருக்கிறோம். அப்பா காலத்தில் சிட்டையில் எழுதியதை நிறுத்திவிட்டு, சிறிய பில் மிஷின் ஒன்று வாங்கி, பீடி, மிட்டாய் உட்பட எல்லாவற்றுக்கும் பில் போட்டுவிடுகிறோம். அப்படியிருந்தும் இரவில் எண்ணும்போது கல்லா குறைகிறது. சில நாள் 50 ரூபாய், சில நாள் 400 ரூபாய். இன்று 630 ரூபாய்.

இன்றைய கணக்கை அப்படியே தருகிறேன். காலையில் கல்லாவில் வைத்த சில்லறை 2,000. பில் மிஷின் காட்டும் மொத்த விற்பனை 14,860. அதில் ஜிபே வழியாக வந்தது 5,230, பற்று எழுதியது 1,640. ஆகவே ரொக்க விற்பனை 7,990 இருக்க வேண்டும். பழைய பற்றில் வசூலானது 900. கல்லாவிலிருந்து பாலுக்கு 1,450, முட்டைக்கு 600, டீக்கு 60, ஆக 2,110 கொடுத்திருக்கிறேன். இவற்றின்படி கல்லாவில் 8,780 இருக்க வேண்டும், இருந்தது 8,150. மூன்று முறை எண்ணிவிட்டேன். பணத்தை எண்ணுவது, சரக்கு பார்ப்பது, மறுநாளுக்கு வேண்டியதை எழுதுவது ஆகியவற்றை நீங்கள் எந்த வரிசையில் செய்கிறீர்கள், இத்தகைய குறைவை எங்கே தேடுகிறீர்கள் என்று சொன்னால் நன்றாயிருக்கும்.

களக்காடு ஸ்டோர் (திங்கள், இரவு 11.15)

தங்கச்சி, இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கல்லாவுக்கு நேர் மேலே ஒரு கேமரா வைத்துவிடுங்கள். என் கடையில் சொந்த அக்கா மகனையே வேலைக்கு வைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. பையனை நம்பிக் கல்லாவை விட்டுவிட்டு மதியம் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறீர்கள் அல்லவா, அந்த ஒரு மணி நேரத்தைக் கவனியுங்கள்.

விகேபுரம் பலசரக்கு (திங்கள், இரவு 11.30)

அண்ணாச்சி, நான் மதியம் வீட்டுக்குப் போவதில்லை. சாப்பாடு கடைக்கே வந்துவிடும். வீடு கடைக்குப் பின்னாலேயே இருக்கிறது. பையன்மீது எனக்குச் சந்தேகம் இல்லை. கணக்கில் எங்கே பிழை நுழைகிறது என்பதைத்தான் கேட்டேன்.

முக்கூடல் கடை (செவ்வாய், காலை 6.20)

எனக்கு இதே சிக்கல் வந்தது. உங்கள் 900 ரூபாய் வசூலைப் பாருங்கள். எங்கள் பக்கம் பீடி சுற்றும் பெண்கள் கூலி வாங்கும் நாளில் பற்றை அடைப்பார்கள்; இப்போது பாதிப்பேர் மகனையோ மகளையோ ஜிபே செய்யச் சொல்லிவிடுகிறார்கள். நாம் பற்று நோட்டில் வரவு வைத்துவிட்டு அதை ரொக்கம் என்று எண்ணிக்கொள்கிறோம். உங்கள் 900-இல் 400 ஜிபேயில் வந்திருந்தால் கல்லாவில் 400 குறையத்தானே செய்யும்? 630-இல் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

நாள்வழி (செவ்வாய், காலை 9.05)

பாளையங்கோட்டையில் மொத்தக் கடை ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். முக்கூடல் தம்பி சொல்லும் நிலைமை உண்மையானது. ஆனால் அதனால் கல்லா குறையாது. போட்டுப் பார்ப்போம். 900-இல் 400 ஜிபேயில் வந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 5,230-இல் அந்த 400 அடங்கியிருக்கிறது. சரக்குக்காக வந்த ஜிபே 4,830 மட்டுமே. எனவே ரொக்க விற்பனை 8,390 ஆகிவிடும். ரொக்க வசூல் 500 ஆகிவிடும். 2,000, 8,390, 500 மூன்றையும் கூட்டி 2,110-ஐக் கழித்தால் மறுபடியும் 8,780-தான் வருகிறது. ஒரு பக்கம் கூடியது மறுபக்கம் குறைந்துவிடுகிறது. வசூலை நோட்டில் எழுதவே மறந்தால் நிலைமை வேறு. ஆனால் அப்போது கல்லா குறையாது, கூடும். ஜிபேயில் 300 அனுப்பிவிட்டு 300 ரொக்கம் கேட்டு வாங்கிச் செல்பவர்களும் இந்த வகைதான். பணம் கடைக் கணக்கில் வந்திருக்கும்வரை கூட்டுத்தொகை மாறாது.

ஆகவே தேட வேண்டிய இடங்கள் வேறு. அம்மா, மூன்று கேள்விகள் கேட்கிறேன். முதலாவது, பில் மிஷினில் நாள் கணக்கை முடித்துச் சீட்டு எடுத்த பிறகு, ஷட்டரைப் பாதி இறக்கிய நிலையில் யாருக்காவது சரக்குக் கொடுத்தீர்களா? மிஷின் அந்தப் பில்லை மறுநாள் விற்பனையில் சேர்க்கும். ஜிபேயோ நள்ளிரவு 12 மணிவரை வருவதை அன்றைய தேதியில்தான் காட்டும். ஒரே வியாபாரம் இரண்டு நாட்களாகப் பிரிந்துவிடுவதால், மறுநாள் உங்கள் ஏட்டில் ரொக்கம் கூடுதலாகத் தெரியும், பெட்டியில் இராது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. நேற்று முன்தினம் இரவு நீங்கள் குறித்த ஜிபே தொகையையும், அந்தத் தேதிக்கு இப்போது செயலி காட்டும் தொகையையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் அதுதான் அடைத்த பின் வந்த பணம்.

இரண்டாவது, அப்பாவுடைய எண்ணுக்கு இன்னும் யாராவது பணம் அனுப்புகிறார்களா? கடை வாசலில் புது ஸ்கேனர் அட்டை ஒட்டினாலும், பழைய வாடிக்கைக்காரர்களின் போனில் அப்பா எண்தான் இருக்கும். சரக்கை வாங்கிக்கொண்டு அந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டு, ‘போட்டாச்சு’ என்று போய்விடுவார்கள்.

மூன்றாவது, கல்லாவிலிருந்து எடுத்த பணத்தை அப்போதே எழுதுகிறீர்களா, இரவில் நினைத்து எழுதுகிறீர்களா? 60 ரூபாய் டீ நினைவில் இருக்கிறது. கோயில் வரிக்கோ ஆட்டோவுக்கோ கொடுத்தது நினைவில் இராது. எங்கள் கடையில் பணம் எடுத்தால் அந்தக் கட்டத்திலேயே துண்டுச் சீட்டு ஒன்றை எழுதிப் போட வேண்டும் என்பது முதலாளி வைத்த வழக்கம். முதலாளியே வீட்டுச் செலவுக்கு எடுத்தாலும் சீட்டு உண்டு. இரவில் நோட்டுகளோடு சீட்டுகளையும் சேர்த்து எண்ணுவோம்.

எண்ணும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். இருக்க வேண்டிய தொகையைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு எண்ண உட்காராதீர்கள். அந்த எண் மனத்தில் இருந்தால், அதற்கு அருகில் வந்ததும் கை நின்றுவிடும். தள்ளி வந்தால் நோட்டுக் கட்டின்மேல் பழி விழும். முதலில் 500-இலிருந்து கீழே 10 வரை நோட்டுகளை வகைவாரியாக அடுக்கி, எத்தனை தாள் என்பதைத் தாளில் எழுதி, நாணயங்களைத் தனியே எண்ணி, கூட்டுத்தொகையைப் பேனாவால் எழுதிய பிறகுதான் மிஷின் சீட்டைக் கிழிக்க வேண்டும்.

பாளை காய்கனி (செவ்வாய், பிற்பகல் 3.10)

வேலையெல்லாம் முடிந்து இப்போதுதான் படித்தேன். என்னுடையது காய்கறிக் கடை. விடியலுக்கு முன் நயினார்குளம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சரக்கெடுத்து வருகிறேன். பில்லும் கிடையாது, மிஷினும் கிடையாது. இரவில் கல்லாவில் உள்ளதை எண்ணி, காலையில் வைத்ததைக் கழித்து, செலவைக் கூட்டினால் அன்றைய விற்பனை வந்துவிடுகிறது. எனக்கு ஒரு நாளும் குறைவு வந்ததே இல்லை. இவ்வளவு சிரமம் எதற்கு என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

நாள்வழி (செவ்வாய், மாலை 5.40)

அண்ணாச்சி, தவறாக எண்ண வேண்டாம். உங்கள் முறையில் குறைவு வரவே வழியில்லை. கல்லாவில் இருப்பதைத்தான் நீங்கள் விற்பனை என்று பெயரிடுகிறீர்கள். யாரோ 500 ரூபாயை எடுத்துப் போயிருந்தால், அன்று வியாபாரம் 500 ரூபாய் குறைவு என்று உங்கள் நோட்டு சொல்லும். நீங்களும் மழை என்றோ மாதக் கடைசி என்றோ எண்ணிக்கொள்வீர்கள். பணத்தைப் பணத்தோடு ஒப்பிட்டால் எதுவும் தெரியாது. பணத்துக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு எண் வேண்டும். பலசரக்குக் கடைக்கு அது பில்லாக இருக்கலாம், உங்களுக்குச் சரக்குதான்.

எல்லாவற்றையும் எடை போடச் சொல்லவில்லை. கத்திரிக்காயும் கீரையும் வாடி எடை இழக்கும், கழிவு போகும். அவற்றை வைத்துக் கணக்குப் பார்த்தால் மனிதர்கள்மீது வீண் சந்தேகம் வரும். எண்ணிக்கையாக விற்பதை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காய் எத்தனை இறக்கினீர்கள், எத்தனை மிச்சம், எத்தனை அழுகல் என்று ஒரு வாரம் எழுதுங்கள். தேங்காய்ப் பணத்தை மட்டும் அந்த வாரம் தனி டப்பாவில் போடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் மற்றதையும் ஓரளவு நம்பலாம்.

பாளை காய்கனி (செவ்வாய், இரவு 8.30)

தேங்காய் யோசனை செய்துபார்க்கத் தக்கது. ஆனால் சாயங்காலக் கூட்டத்தில் தேங்காய்க்குத் தனி டப்பா என்பது நடக்கிற காரியமா என்று தெரியவில்லை. பார்க்கிறேன்.

விகேபுரம் பலசரக்கு (செவ்வாய், இரவு 11.20)

நாள்வழி ஐயாவுக்கு நன்றி. நீங்கள் கேட்ட முதல் இரண்டிலும் விடை கிடைத்தது.

ஞாயிறு இரவு 9.15-க்கு நான் குறித்த ஜிபே தொகை 4,870. அதே ஞாயிற்றுக்கிழமைக்கு இப்போது செயலியில் பார்த்தால் 5,080 என்று இருக்கிறது. சீட்டு எடுத்த பிறகு பக்கத்துத் தெரு அக்கா ஒருவர் ரவையும் எண்ணெயும் வாங்கிப் போனார். அந்த 210 ரூபாய் பில் திங்கட்கிழமை விற்பனையில் ஏறியிருக்கிறது. அப்பாவின் போனை வாங்கிப் பார்த்ததில், திங்கள் காலை 7.40-க்கு 320 ரூபாய் வந்திருக்கிறது. அனுப்பியவர் பல ஆண்டு வாடிக்கை. அவருக்குப் பில் போட்டது பையன்தான். ‘அண்ணாச்சி நம்பருக்குப் போட்டுவிட்டேன்’ என்று அவர் சொன்னதைக் கேட்டு, சரி என்று விட்டிருக்கிறான். அவன் செய்ததிலும் தவறில்லை. அது வேறு கணக்கு என்று நான் அவனுக்குச் சொன்னதே இல்லை.

இவை இரண்டையும் ஜிபேயோடு சேர்த்தால் 5,760 ஆகிறது. ரொக்க விற்பனை 7,460, இருக்க வேண்டியது 8,250, இருந்தது 8,150. இன்னும் 100 ரூபாய் எங்கே என்று தெரியவில்லை. மூன்றாவது கேள்விக்கு என் விடை, இரவில் நினைத்துத்தான் எழுதுகிறேன் என்பது. ஆகவே அந்த 100 ரூபாயை இனிக் கண்டுபிடிக்க முடியாது என்றே தோன்றுகிறது.

தேங்காய் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, பாலை எண்ணிப் பார்த்தேன். இன்று அரை லிட்டர் பாக்கெட் 60 வந்தது. இரவில் 4 மிச்சம், ஒன்று ஒழுகியதால் திருப்பி அனுப்பத் தனியே வைத்தேன். எனவே 55 போயிருக்க வேண்டும். மிஷினில் பொருள்வாரி விற்பனை 51 என்று காட்டியது. ஆனால் கல்லாவில் இன்று 40 ரூபாய்தான் குறைவு. நான்கு பாக்கெட் பாலின் பணம் அதைவிட அதிகம். இது எப்படி?

நாள்வழி (புதன், காலை 8.45)

பில் போடாமல் ரொக்கத்துக்கு விற்றிருந்தால் கல்லா கூடியிருக்கும், கூடவில்லை. பில் போட்டுப் பணம் வாங்காமல் விட்டிருந்தால் கல்லா குறைந்திருக்கும். ஆனால் மிஷினில் 55 என்று காட்டியிருக்கும். பாக்கெட் போய்விட்டது, பில்லும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் பொதுவாக இரண்டே வழி. ஒன்று, வீட்டுக்குப் போயிருக்கும். மற்றொன்று, ‘எழுதிக்கொள்’ என்று சொல்லி யாரோ வாங்கிப் போய், எழுதாமல் விட்டிருக்கும். திருட்டும் இந்த வடிவத்தில் வரக்கூடியதுதான். ஆனால் முதல் இரண்டையும் பார்த்துவிட்டு அங்கே போகலாம்.

விகேபுரம் பலசரக்கு (புதன், காலை 9.30)

இரண்டு பாக்கெட் எங்கள் வீட்டு அடுப்பில் கிடைத்தது. அம்மா தினமும் காலையில் பின்வாசல் வழியாக வந்து எடுத்துப் போகிறார். நான்கு மாதமாக அதை நான் விற்பனையாகவும் எழுதவில்லை, வீட்டுச் செலவாகவும் எழுதவில்லை. மற்ற இரண்டு எதிர்வீட்டுப் பாட்டிக்கு. பற்று நோட்டில் ஏற்ற மறந்தது நானேதான்.

களக்காடு ஸ்டோர் (புதன், பிற்பகல் 1.00)

நல்லது, பையன் தப்பித்தான். ஆனாலும் கேமரா இருந்திருந்தால் அம்மா பால் எடுத்ததும் அதிலேயே தெரிந்திருக்கும் என்பதைச் சொல்லிவைக்கிறேன்.

முக்கூடல் கடை (புதன், இரவு 9.50)

என் கணக்கு தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரவில் தாளில் போட்டுப் பார்த்தேன், ஐயா சொன்னபடியே வருகிறது. ஆனால் ஒரு யோசனை. சில நாள் கல்லா கூடுகிறது, சில நாள் குறைகிறது. கூடும் நாளில் அந்தப் பணத்தை ஓர் உண்டியலில் போட்டுவைத்து, குறையும் நாளில் அதிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிடுகிறேன். மாதக் கடைசியில் ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது. மனமும் நிம்மதியாக இருக்கிறது.

நாள்வழி (புதன், இரவு 10.30)

நிம்மதி கிடைக்கும், தடயம் போய்விடும். கல்லா 200 கூடியிருந்தால், பெரும்பாலும் யாருக்கோ மீதி கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள், அல்லது பற்று வசூலை ஏற்றவில்லை. அடுத்த நாள் அந்த ஆள் வந்து கேட்கும்போது நோட்டில் ‘கூடுதல் 200’ என்று இருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுக்கலாம். குறைந்ததைக் குறைவு என்றும், கூடியதைக் கூடுதல் என்றும் அன்றைய பக்கத்திலேயே எழுதி விட்டுவிட வேண்டும் என்பதே என் பழக்கம்.

முக்கூடல் கடை (புதன், இரவு 10.45)

எழுதிவிட்டு உண்டியலில் போடுகிறேன் என்றால் என்ன குறை, ஐயா? எழுதுவதும் போடுவதும் ஒன்றையொன்று தடுக்கவில்லையே.

நாள்வழி (வியாழன், காலை 8.20)

எழுதுவீர்கள் என்றால் எனக்கு மறுப்பில்லை. உண்டியல் வைத்தவர்கள் இரண்டாவது வாரத்தில் எழுதுவதை நிறுத்தியதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

விகேபுரம் பலசரக்கு (வியாழன், இரவு 10.10)

மறுநாள் திட்டம் பற்றியும் கேட்டிருந்தேன். நான் இரவில் நினைவிலிருந்து பட்டியல் எழுதுகிறேன். காலையில் லைன் வண்டிக்காரர் வந்து நிற்கும்போது, இருப்பதையே மறுபடி வாங்கிவிட்டு இல்லாததை விட்டுவிடுகிறேன். இன்று உப்பு தீர்ந்துபோனது. சோப்பு மூன்று பெட்டி இருக்கிறது. இதுபோக இம்மாதம் ஆடி அமாவாசை வருகிறது. காரையாறு சொரிமுத்தய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் நாள்கணக்கில் குடில் போட்டுத் தங்குவதால், போகும் வழியில் எங்கள் ஊரில் சாமான் வாங்குவார்கள். அதற்கு எப்போதிலிருந்து தயாராக வேண்டும் என்றும் தெரியவில்லை.

நாள்வழி (வெள்ளி, காலை 9.15)

பட்டியலை நாற்காலியில் உட்கார்ந்து எழுதக் கூடாது. அலமாரி முன்னால் நின்று எழுத வேண்டும். ஆனால் தினமும் எல்லா அலமாரியையும் பார்க்கத் தேவையில்லை. மறுநாள் எந்த லைன் வருகிறதோ அந்தச் சரக்கை மட்டும் இரவில் எண்ணுங்கள். எண்ணெய் லைன் நாளை என்றால் இன்றிரவு எண்ணெய் மட்டும். அப்படிச் செய்தால் வாரம் ஒருமுறை கடை முழுவதும் எண்ணப்பட்டுவிடும். இரவுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. பால், முட்டை, சிகரெட் ஆகிய மூன்றை மட்டும் எல்லா நாளும் எண்ணுங்கள்.

அளவுக்கு ஒரு வழி சொல்கிறேன். அரை லிட்டர் எண்ணெய் பாக்கெட் நாளொன்றுக்கு 6 போகிறது, லைன் ஏழு நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏழு நாளுக்கு 42. வண்டி இரண்டு நாள் தாமதித்தாலும் தாங்குவதற்கு இன்னும் 12. ஆக 54 வேண்டும். அலமாரியில் 31 இருந்தால் வாங்க வேண்டியது 23. பெட்டிக்கு 20 பாக்கெட் என்றால் ஒரு பெட்டி போதும். மூன்று பாக்கெட்டுக்காக இரண்டாவது பெட்டி எடுத்துப் பணத்தை முடக்க வேண்டாம். அந்தத் தொகையை அப்போதே பட்டியலின் ஓரத்தில் எழுதி, பணத்தையும் இரவே தனி உறையில் எடுத்துவைத்துவிடுங்கள். காய்கனி அண்ணாச்சி மார்க்கெட் பணத்தை அப்படித்தான் வைத்திருப்பார்.

அமாவாசைக்கு நான் கணக்குச் சொல்ல முடியாது. போன ஆடியில் என்ன விற்றது என்பது உங்கள் அப்பாவின் சிட்டையில் இருக்கும். அதை எடுத்துப் பாருங்கள்.

பாளை காய்கனி (வெள்ளி, பிற்பகல் 2.50)

ஆம், மார்க்கெட் பணம் இரவே மஞ்சள் பையில் போய்விடும்; அதைத் தொட்டால் வீட்டில் சண்டை. கூடவே, மறுநாள் சில்லறையையும் இரவே பிரித்துவையுங்கள் அம்மா. 2,000 ரூபாயை நான்கு 500 நோட்டாக வைத்தால் அது சில்லறையே அல்ல. 10 ரூபாய் நாணயத்தைச் சிலர் வாங்க மறுக்கிறார்கள். அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லியும், வாடிக்கைக்காரரிடம் அதைச் சொல்லி வாதிட எனக்கு நேரமில்லை. ஆகவே நாணயத்தை மார்க்கெட் வாடகை வண்டிக்குக் கொடுத்துவிட்டு நோட்டை மீதிக்கு வைத்துக்கொள்கிறேன்.

விகேபுரம் பலசரக்கு (அடுத்த வியாழன், இரவு 10.35)

ஒரு வாரம் செய்துபார்த்துவிட்டு எழுதுகிறேன். இப்போது 9.10-க்கு ஷட்டரைப் பாதி இறக்குகிறோம். பையன் பால், முட்டை, சிகரெட்டை எண்ணி அட்டையில் எழுதுகிறான். அதே நேரத்தில் நான் நோட்டுகளை எண்ணி எழுதுகிறேன். பிறகு மிஷின் சீட்டும் ஜிபே தொகையும் ஒரே நிமிடத்தில் எடுக்கிறேன். அதற்குப் பிறகு யாராவது கதவைத் தட்டினால் சரக்குக் கொடுக்கிறோம், பில் காலையில்தான். ரொக்கமானால் தனி உறை, ஜிபேயானால் மறுநாள் காலையில் முந்தைய தேதித் தொகையை மீண்டும் பார்த்து வித்தியாசத்தை அன்றைய ஜிபேயோடு சேர்த்துவிடுகிறேன். அம்மாவின் பாலுக்கு அடுப்படிக் கதவில் ஒரு நாள்காட்டி மாட்டி, எடுத்த பாக்கெட்டைக் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். கோடு போடுகிறார், ஆனால் ‘என்னிடமே பாலுக்குக் கணக்குக் கேட்கிறாயா’ என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஏழு நாளில் நான்கு நாள் சரியாக வந்தது. ஒரு நாள் 10 கூடுதல், ஒரு நாள் 20 குறைவு. நேற்று மட்டும் 150 குறைவு. துண்டுச் சீட்டு எதுவும் விடுபடவில்லை, அப்பாவின் போனிலும் ஒன்றுமில்லை. அதைக் ‘குறைவு 150’ என்று எழுதி விட்டுவிட்டேன். அப்பாவின் பழைய சிட்டை கிடைத்தது. அமாவாசைக்குப் பத்து நாள் முன்பிருந்தே பச்சரிசியும் வெல்லமும் கூடுதலாக வாங்கியிருக்கிறார். ஆனால் எவ்வளவு மிச்சமானது என்று எழுதவில்லை. நாளை காலை அவரிடமே கேட்க வேண்டும்.